அத்தியாயம் 6: கம்பி அறுந்து தெரியாத படம்

மணியாச்சி நடைமேடையின் வடகோடியில் நின்று கடம்பூர்ப் பக்கம் பார்த்தால் கண்ணை மறைக்க ஒன்றும் இருக்காது. கரிசல் காடு தட்டையாகப் போய் வானத்தில் முட்டும். நடுவே சீமைக்கருவேல் புதர், அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பனை. தண்டவாளத்துக்கு மேலே ஓடும் 25,000 வோல்ட் மின்கம்பி முழுக்க வெறும் வானத்தின் மீதே தெரியும். ரயில் சிமுலேட்டரில் படம் எடுப்பவருக்கு இதைவிடக் கடுமையான காட்சி அமையாது. பின்னால் மலையோ கட்டடமோ இருந்தால் கம்பியின் கோளாறு அதோடு கலந்து மறைந்துவிடும். வெளுத்த வானத்தின் மேல் எதையும் மறைக்க முடியாது.

நம் வட்டாரத்து ரயில் ரசிகர்களில் பலர் ஓப்பன் ரெயில்ஸ் வைத்திருக்கிறார்கள். இலவசம், பழைய கணினியிலும் ஓடும். 2001-இல் வந்த மைக்ரோசாஃப்ட் டிரெயின் சிமுலேட்டருக்காக ஆர்வலர்கள் கட்டிய ரூட்களையும் இன்ஜின்களையும் அப்படியே திறக்கும். இந்த அத்தியாயத்தில் அதையே மாதிரியாக எடுத்துக்கொள்வோம். மணியாச்சி போல ஒரு சமவெளிச் சந்திப்பு, அங்கே நிற்கிற WAP-7, மேலே கம்பி, தூரத்தில் ஒரு காற்றாலை. வேறு விளையாட்டு வைத்திருந்தாலும் வழி இதுதான். பட்டன்களின் பெயர் மட்டும் மாறும்.

சாதாரணமாக எடுத்த படத்தில் என்ன தெரிகிறது? இன்ஜினுக்கு மேலே கம்பி ஒழுங்காக இருக்கிறது. கொஞ்சம் தள்ளிப் படிக்கட்டுப் படிக்கட்டாக இறங்குகிறது. இன்னும் தள்ளிப் புள்ளி புள்ளியாகச் சிதறி, அப்புறம் காணாமலே போய்விடுகிறது. வாட்ஸாப்பில் போட்டதும் எவனாவது ஒரு தம்பி, "வயர் அந்து கெடக்கு அண்ணாச்சி, வண்டி எப்படி ஓடுது?" என்று கேட்பான். கேள்வி நியாயமானதுதான்.

கம்பி ஏன் அறுகிறது

நம் ரயில்வேயில் பேன்டோகிராஃப் உரசிச் செல்லும் கம்பியின் விட்டம் சுமார் 12 மில்லிமீட்டர். ஓப்பன் ரெயில்ஸில் பார்வைக் கோணம், நீங்கள் மாற்றாத வரை, மேலிருந்து கீழாக 45 டிகிரி. திரை 1920 × 1080 என்றால் உயரத்தில் 1080 பிக்சல். கேமராவிலிருந்து 10 மீட்டர் தள்ளி இருக்கும் பொருளில் ஒரு பிக்சல் ஏறக்குறைய 8 மில்லிமீட்டரை மூடும். அங்கே கம்பி ஒன்றரைப் பிக்சல் தடிமன், சிக்கல் இல்லை. 16 மீட்டரில் கம்பியும் பிக்சலும் ஒரே அளவாகிவிடும். 100 மீட்டரில் ஒரு பிக்சல் 77 மில்லிமீட்டரை மூடும். கம்பி அதில் ஆறில் ஒரு பங்குதான்.

இங்கே கிராபிக்ஸ் கார்டு செய்கிற வேலையைக் கவனிக்க வேண்டும். ஒரு பிக்சலில் கம்பி எத்தனை பங்கு இருக்கிறது என்று அது அளப்பதில்லை. பிக்சலின் நடுப்புள்ளி கம்பியின் மேல் விழுந்ததா இல்லையா என்று மட்டும் பார்க்கிறது. விழுந்தால் முழுக் கறுப்பு, விழாவிட்டால் முழு வானம். சாய்ந்து போகிற மெல்லிய கம்பி சில நடுப்புள்ளிகளைத் தொட்டும் பலவற்றைத் தொடாமலும் போவதால் துண்டு துண்டாகிறது. நேர்ப்பாதையில் இரண்டு கம்பங்களுக்கு இடையே அதிகபட்சம் 72 மீட்டர் இருக்கும். அதாவது அடுத்த கம்பத்தை எட்டுவதற்குள்ளேயே நம் கம்பி அறுந்துவிடுகிறது. (சில ரூட்களில் கம்பியை வேண்டுமென்றே தடிமனாக வரைந்திருப்பார்கள். அங்கே இந்தத் தூரங்கள் கூடும், கணக்கு மாறாது.)

பரிகாரம் இதிலேயே இருக்கிறது. படத்தை இரண்டு மடங்கு அகலத்திலும் இரண்டு மடங்கு உயரத்திலும், அதாவது 3840 × 2160-இல் வரையச் சொல்ல வேண்டும். அப்போது இறுதிப் படத்தின் ஒவ்வொரு பிக்சலுக்கும் நான்கு நடுப்புள்ளிகள் கிடைக்கும். பிறகு அந்த நான்கின் சராசரியை எடுத்து ஒரு பிக்சலாக்க வேண்டும். கம்பி நான்கில் ஒன்றைத் தொட்டிருந்தால் அந்தப் பிக்சல் கால் பங்கு கறுக்கும். படிக்கட்டு மறைந்து வழவழப்பான கோடு வரும்.

ஆனால் இரண்டு மடங்கு மட்டும் போதுமா? கணக்குப் போட்டால் போதாது. கம்பி உடையத் தொடங்கும் இடம் 16 மீட்டரிலிருந்து 32 மீட்டருக்குத் தள்ளிப்போகிறது, அவ்வளவுதான். "4கே-இல் எடுத்துச் சுருக்கினேன், இன்னும் கம்பி உடைகிறது" என்று புலம்புகிறவர்கள் நின்றுவிடுவது இந்த இடத்தில்தான். விளையாட்டிலேயே உள்ள எம்.எஸ்.ஏ.ஏ.யையும் கூடவே போட வேண்டும். 8 மடங்கு எம்.எஸ்.ஏ.ஏ. என்பது ஒரு பிக்சலுக்குள் எட்டுப் புள்ளிகளில் கம்பி இருக்கிறதா என்று பார்ப்பது. அந்த எட்டும் எட்டு வெவ்வேறு மட்டங்களில் இருக்கும். இரண்டும் சேர்ந்தால் கம்பி தொடர்ச்சியாக நிற்கும் தூரம் 250 மீட்டர் வரை போகிறது. கம்பக் கணக்கில் மூன்றரை இடைவெளி. அதற்கப்பால் கம்பி இருக்கிறதா என்று யாரும் தேடப்போவதில்லை.

அப்படியானால் எம்.எஸ்.ஏ.ஏ. மட்டும் போதாதா, எதற்குப் பெரிதாக வரைய வேண்டும் என்று கேட்கலாம். கம்பிக்கு மட்டும் என்றால் அது பாதி வேலையைச் செய்துவிடும். ஆனால் எம்.எஸ்.ஏ.ஏ. பொருளின் ஓரத்தை மட்டுமே பார்க்கும். சீமைக்கருவேல் புதரில் ஒவ்வொரு இலையும் தனி வடிவமாக வரையப்படுவதில்லை. ஒரு தட்டையான அட்டையில் இலைப் படத்தை ஒட்டி, இலை இல்லாத இடத்தை ஓட்டையாக விட்டிருப்பார்கள். அந்த ஓட்டையின் விளிம்பு எம்.எஸ்.ஏ.ஏ.யின் கண்ணுக்குப் படாது. தண்டவாளத்தடி ஜல்லியும் அப்படித்தான். தூரத்தில் மினுமினுக்கிற ஜல்லி ஒரு படம், வடிவமில்லை. இந்த இரண்டையும் பெரிதாக வரைந்து சுருக்குவது மட்டுமே சரிசெய்யும். கரிசல் காட்சியில் கம்பியும் உண்டு, கருவேலும் உண்டு, ஜல்லியும் உண்டு. ஆகவே இரண்டும் வேண்டும்.

எடுக்கும் முறை

என்விடியா கார்டு உள்ள மேசைக் கணினி என்றால் வேலை சுலபம். NVIDIA Control Panel திறந்து Manage 3D settings பகுதியில் DSR - Factors என்ற வரியில் 4.00x-ஐத் தேர்ந்தெடுங்கள். இந்த நான்கு பரப்பளவைக் குறிக்கிறது. அகலம் இரண்டு மடங்கு, உயரம் இரண்டு மடங்கு. அதற்குக் கீழே உள்ள DSR - Smoothness-ஐ 0% ஆக்குங்கள். இனி விண்டோஸின் டிஸ்பிளே அமைப்பில் 3840 × 2160 என்ற அளவும் பட்டியலில் வரும். அதற்கு மாற்றுங்கள். திரையில் எழுத்தெல்லாம் எறும்பு மாதிரி ஆகும். பயப்பட வேண்டாம், வேலை முடிந்ததும் பழைய அளவுக்கு மாற்றிக்கொள்ளலாம். ஏஎம்டி கார்டில் இதே வசதி Virtual Super Resolution என்ற பெயரில் இருக்கிறது.

ஒன்றைத் தெளிவாகப் புரிந்துகொள்ளுங்கள். நம் மானிட்டர் 1080-தான். கார்டு 2160-இல் வரைந்து, மானிட்டருக்கு அனுப்பும்போது சுருக்கி அனுப்புகிறது. ஆனால் விளையாட்டுக்குள்ளிருந்து எடுக்கிற ஸ்கிரீன்ஷாட், சுருக்குவதற்கு முந்தைய முழு அளவில் சேமிக்கப்படும். நமக்கு வேண்டியது அதுதான். சுருக்குகிற வேலையை டிரைவரிடம் விடாமல் நாமே செய்யப் போகிறோம்.

அடுத்து ஓப்பன் ரெயில்ஸின் ஆப்ஷன்ஸில் வீடியோ பகுதிக்குப் போய் ஆன்டி-அலையாசிங்கை 8 மடங்குக்கு ஏற்றுங்கள். மின்கம்பி காட்டும் ஆப்ஷன் டிக் ஆகியிருக்கிறதா என்றும் பாருங்கள். முழுத்திரையில் ஓட்டுங்கள். இன்ஜினை வேண்டிய இடத்தில் நிறுத்தி, விசைப்பலகையில் 8-ஐ அழுத்தினால் கேமராவை இஷ்டம்போல் நகர்த்தலாம். பாஸ் போட்டு ஓட்டத்தை நிறுத்துங்கள். திரையில் திறந்திருக்கும் பெட்டிகளை மூடுங்கள். ஃபிரேம் ரேட் பத்துக்கு இறங்கினாலும் கவலையில்லை. நிற்கிற காட்சியைத்தானே எடுக்கிறோம். கேமராவை வைத்ததும் ஓரிரு விநாடி பொறுத்து, தூரத்துப் பொருள்கள் எல்லாம் ஏறிய பிறகு PrtSc அழுத்துங்கள். படம் Pictures கோப்புறைக்குள் Open Rails என்ற உள்கோப்புறையில் விழும்.

லேப்டாப்காரர்களுக்கு இந்த வழி பெரும்பாலும் கிடைக்காது. பல லேப்டாப்களில் திரை இன்டெலின் உள் கிராபிக்ஸோடு இணைந்திருப்பதால் DSR வரியே காட்டாது. அவர்கள் மனம் தளரத் தேவையில்லை. 1920 × 1080-இல் எம்.எஸ்.ஏ.ஏ. போட்டு எடுத்து, 960 × 540-ஆகச் சுருக்கினால் அதுவும் இதே முறைதான். போனில் பார்க்கிறவர்களுக்கு அந்த அளவு தாராளம். படம் பெரிதாக வேண்டும் என்றால்தான் வெளி மானிட்டரோ வேறு கணினியோ தேட வேண்டும்.

சுருக்குவதில் உள்ள சூட்சுமம்

இவ்வளவு பாடுபட்டு எடுத்த படத்தைப் பலர் கெடுப்பது இந்தக் கட்டத்தில்தான். ஏதாவது ஒரு செயலியில் திறந்து 50% என்று போட்டுச் சேமித்துவிடுகிறார்கள். இரண்டு விஷயம் பார்க்க வேண்டும்.

முதலாவது ஃபில்டர். "ஷார்ப்பாக வரும்" என்று பரிந்துரைக்கப்படும் லாங்சோஸ், கறுப்புக் கம்பியின் இரு பக்கமும் வானத்தைக் கொஞ்சம் கூடுதலாக வெளுத்துவிடும். நீல வானத்தில் கம்பியை ஒட்டி ஒரு வெள்ளைக் கோடு பேயாக ஓடும். முகப் படத்தில் இது தெரியாது. கம்பி, சிக்னல் ஏணி, காற்றாலை இறக்கை இவற்றில் பளிச்சென்று தெரியும். சரியாகப் பாதியாகச் சுருக்கும்போது நான்கு பிக்சலின் நேர் சராசரி போதும். அதைச் செய்வது பாக்ஸ் ஃபில்டர். பாதி, கால் என்று முழு மடங்கில் வராத அளவுக்குச் சுருக்கினால் பாக்ஸ் ஒழுங்கற்றுப் போகும். அப்போது மிட்செல் போடுங்கள்.

இரண்டாவது, சராசரியை எதில் எடுப்பது என்பது. படக் கோப்பில் உள்ள 0 முதல் 255 வரையான எண்கள் வெளிச்சத்தின் அளவை நேராகச் சொல்வதில்லை. கண்ணுக்கு ஏற்ப வளைத்துப் பதிந்த எண்கள் அவை. நான்கு பிக்சலில் இரண்டு முழு வெள்ளை, இரண்டு முழுக் கறுப்பு என்று வைத்துக்கொள்வோம். எண்களைக் கூட்டி வகுத்தால் 128 வரும். ஆனால் 128 என்ற எண் திரையில் தருவது வெள்ளையின் பாதி வெளிச்சம் அல்ல, ஐந்தில் ஒரு பங்கு சொச்சம்தான். உண்மையான பாதி வெளிச்சத்துக்கு உரிய எண் 188. வெறும் எண்களைச் சராசரி எடுத்தால் ஒவ்வொரு விளிம்பும் வேண்டியதைவிட இருண்டுவிடும். பகல் வானத்தில் கம்பி தடித்து, படிக்கட்டின் சுவடு லேசாக மீளும். இரவு நிலையத்தின் சிறு விளக்குகளோ மங்கிப்போகும். எனவே முதலில் எண்களை வெளிச்சக் கணக்குக்கு மாற்றி, அதில் சராசரி எடுத்து, மறுபடி பழைய முறைக்குத் திருப்ப வேண்டும். இமேஜ்மேஜிக் என்ற இலவசக் கருவியில் இவ்வளவும் ஒரே வரி:

```
magick yard_4k.png -colorspace RGB -filter Box -resize 50% -colorspace sRGB yard.png
```

இதில் `RGB` என்பது வெளிச்சக் கணக்கு, `sRGB` என்பது வழக்கமான கோப்பு முறை. வரிசை மாறக் கூடாது. இப்படிச் சுருக்கிய படத்தில் தூரத்துக் கம்பி முதல் பார்வைக்குக் கொஞ்சம் வெளிறியதாகத் தோன்றும். சிலருக்கு அது பிடிக்காது. தடித்த கம்பிதான் அழகு என்பார்கள். எனக்கு வெளிறியதே சரி. உச்சி வெயிலில் நடைமேடையிலிருந்து பார்த்தாலும் மூன்றாவது கம்பத்துக்கு அப்பால் கம்பி அப்படித்தான் கரைகிறது.

ஏமாறும் இடங்கள்

சுருக்குவதற்கு முன் கோப்பின் அளவைப் பாருங்கள். 3840 × 2160 என்று இருக்க வேண்டும். இருந்தாலும் அதை மட்டும் நம்ப முடியாது. படத்தை 800 சதவீதத்துக்குப் பெரிதாக்கிக் கம்பியின் விளிம்பைப் பாருங்கள். ஒரே நிறப் பிக்சல்கள் எங்கு பார்த்தாலும் இரண்டுக்கு இரண்டு கட்டமாக வந்தாலோ, எல்லா விளிம்பும் சீராக மங்கியிருந்தாலோ, விளையாட்டு சின்ன அளவில்தான் வரைந்திருக்கிறது. யாரோ அதை இழுத்துப் பெரிதாக்கியிருக்கிறார்கள். அந்த யாரோ பெரும்பாலும் விண்டோஸ். டிஸ்பிளே ஸ்கேலிங் 150 சதவீதத்தில் இருந்தால் பழைய நிரல்களை அது இப்படி இழுத்துக் காட்டும். விளையாட்டின் `.exe` கோப்பில் வலது கிளிக் செய்து Properties, பிறகு Compatibility, அதில் Change high DPI settings வரை போய், Override high DPI scaling behavior-ஐ டிக் செய்து Application என்று வையுங்கள். ஸ்கேலிங்கை 100 சதவீதமாக்கினாலும் தீரும்.

அடுத்தது நினைவகம். 3840 × 2160 படம் ஒன்றுக்கு நிறத்துக்கு மட்டும் 33 எம்.பி. வேண்டும். ஆழத்தைப் பதிய அதே அளவு இன்னொன்று. 8 மடங்கு எம்.எஸ்.ஏ.ஏ. போட்டால் இரண்டும் எட்டு மடங்காகி, ஏறத்தாழ 530 எம்.பி. இதற்கே போய்விடும். 2 ஜி.பி. கார்டில் ரூட்டின் படங்களும் ஏறினால் இடம் பற்றாது. திரை கறுத்து நின்றாலோ விளையாட்டு திடீரென மூடிக்கொண்டாலோ எம்.எஸ்.ஏ.ஏ.யை 4 மடங்குக்கு இறக்குங்கள், தேவை பாதியாகும். ரெசல்யூஷனைக் குறைக்காதீர்கள், கருவேல் புதர் கெட்டுவிடும்.

நிழல் தனிக் கதை. விளையாட்டு நிழலை ஒரு குறிப்பிட்ட அளவுள்ள தனிப் படத்தில் வரைந்துகொண்டு, அதைத் தரையில் படர விடுகிறது. திரையின் ரெசல்யூஷனை எவ்வளவு ஏற்றினாலும் அந்தத் தனிப் படம் பெரிதாவதில்லை. கம்பியெல்லாம் மழமழவென்று இருக்க, நடைமேடைக் கூரையின் நிழல் மட்டும் பல் பல்லாகத் தெரிந்தால் காரணம் இதுதான். நிழலின் தரத்தைத் தனியாகக் கூட்ட வழி இருந்தால் கூட்டுங்கள். இல்லாவிட்டால் சூரியன் உச்சியில் இருக்கும் நேரத்தை வையுங்கள். நிழல் குறுகி, பல்லும் குறையும்.

காற்றாலை பற்றி ஒரு வார்த்தை. கயத்தாறு பக்கம் போல் வரிசையாக நிற்கிற காற்றாலைகளைத் தொலைவில் வைத்திருந்தால், அவற்றின் இறக்கை கம்பியைவிடத் தடிமன். ஆனால் வெள்ளை வானத்தில் வெள்ளை இறக்கை. இங்கே உடைவதைவிடக் கரைந்துபோவதுதான் பிரச்சினை. சுருக்குவதால் அது தீராது. வானத்தின் நேரத்தையோ கேமராவின் திசையையோ மாற்றித்தான் இறக்கையைப் பிரித்துக் காட்ட முடியும்.

படம் எங்கே போகிறது

வாட்ஸாப்பில் படமாக அனுப்பினால் அது மறுபடி அழுத்தி, கம்பியைச் சுற்றி அழுக்குப் புள்ளிகளைச் சேர்க்கும். டாக்குமென்ட்டாக அனுப்புங்கள், அப்படியே போய்ச் சேரும்.

அச்சு வேறு. சிவகாசி பக்கத்தில்தான் இருக்கிறது. ரயில் படங்களைக் கோத்து ஆண்டுக் காலண்டர் அடிக்க ஆசைப்படுகிறவர்கள் உண்டு. ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளி என்று வைத்தால், 1920 பிக்சல் அகலப் படம் ஆறரை அங்குலத்துக்கு மேல் தாங்காது. அச்சுக்கு 3840 அகலமே இறுதிப் படமாக வேண்டும்; 12.8 அங்குலம் வரும். அப்போது சுருக்குவதற்கு மூலப் படம் 7680 × 4320-இல் இருக்க வேண்டும். 1080 மானிட்டரில் DSR அந்த அளவுக்கு ஏறாது. 4கே மானிட்டர் வைத்திருக்கும் நண்பரின் கணினியில் அதே 4.00x-ஐப் போட்டால் கிடைக்கும். நினைவகத் தேவையும் நான்கு மடங்கு, 8 மடங்கு எம்.எஸ்.ஏ.ஏ.வோடு இரண்டு ஜி.பி.யைத் தாண்டும் என்பதால் 8 ஜி.பி. கார்டு இருப்பது நல்லது. அது அமையாவிட்டால் 3840 படத்தை எம்.எஸ்.ஏ.ஏ.வோடு எடுத்துச் சுருக்காமலே கொடுங்கள். கம்பி 250 மீட்டர் வரை முழுதாக நிற்கும். புதரின் இலை ஓரம் மட்டும் கொஞ்சம் கரடுமுரடாக இருக்கும், ஆனால் 300 புள்ளி அச்சில், சுவரில் மாட்டிய காலண்டர் தூரத்தில் அது கண்ணுக்கு எட்டாது.